அரைச் சமானப் புள்ளி: வளைகோட்டில் அடையாளமே இல்லாத இடம்

அசிட்டிக் அமிலத்தின் pKa 4.76 என்று எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிறது. அந்த எண்ணை ஒரு பியூரெட்டையும் ஒரு pH மீட்டரையும் கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் நாமே அளந்துவிடலாம். அமிலத்தைக் காரத்தால் தரம்பார்த்து, சமானப் புள்ளிக்குத் தேவைப்படும் காரத்தில் பாதி சேர்ந்திருக்கும் இடத்தில் pH என்ன என்று படித்தால் போதும். ஆனால் அந்த இடம் எது என்பதை வளைகோடு தானாகச் சொல்வதில்லை. அங்கே நிறம் மாறாது, மீட்டர் துள்ளாது, கோடும் வளையாது. அடையாளமே இல்லாத இந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், கண்டுபிடித்த பின் அங்கே படிக்கும் எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி.

முதலில் கோட்டின் வடிவம். கூம்புக் குடுவையில் 0.1 மோலார் அசிட்டிக் அமிலம் 25 மி.லி., பியூரெட்டில் அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு என்று வைத்துக்கொள்வோம். காரம் விழுவதற்கு முன் pH 2.88. இதே செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு இது 1.00 ஆக இருந்திருக்கும். வலிமை குறைந்த அமிலத்தில் நூற்றில் ஒன்று, ஒன்றரை மூலக்கூறுதான் பிரிகையடைந்திருக்கிறது என்பதால் தொடக்கமே உயரத்தில் அமைகிறது.

முதல் மி.லி. காரத்துக்கே pH 3.42 ஆகிவிடுகிறது. அரை அலகுக்கு மேல் ஒரே தாவல். காரணம் எளிது. தொடக்கத்தில் கரைசலில் அசிட்டேட் அயனி மிகச் சொற்பம், முதல் மி.லி. அதை மூன்று மடங்குக்கு மேல் பெருக்கிவிடுகிறது. pH-ஐத் தீர்மானிப்பது அசிட்டேட்டுக்கும் அமிலத்துக்கும் உள்ள விகிதம். அந்த விகிதம் மடங்கு மடங்காக ஏறும்போது pH விறுவிறுவென்று ஏறத்தான் செய்யும். வலிமைமிகு அமிலத்தின் வளைகோட்டில் இந்தத் தொடக்க ஏற்றம் இராது. ஒரு வளைகோட்டைப் பார்த்ததும் இது எந்த வகை அமிலம் என்று சொல்ல உதவும் முதல் தடயம் இதுதான். பலரும் சமானப் புள்ளியின் செங்குத்தையே பார்த்துக்கொண்டிருப்பதால் இதைத் தவறவிடுகிறார்கள்.

அதன்பின் கோடு படுத்துவிடுகிறது. 2.5 மி.லி.யில் 3.8 ஆக இருக்கும் pH, 22.5 மி.லி.யில் 5.71. இடையில் 20 மி.லி. காரம் விழுந்தும் ஏறியது இரண்டு அலகுகூட இல்லை. இந்தப் பகுதி முழுக்கவும் குடுவையில் இருப்பது ஒரு தாங்கல் கரைசல். பிறகு 24.9 மி.லி.யில் 7.15, 25.1 மி.லி.யில் 10.30. இடையில் விழுந்தது 0.2 மி.லி., அதாவது நாலு சொட்டு. ஏற்றமோ மூன்று அலகுக்கு மேல். சரியாக 25.00 மி.லி.யில், சமானப் புள்ளியில், pH 8.73. அது 7 இல்லை. அங்கே குடுவையில் மிஞ்சியிருப்பது சோடியம் அசிட்டேட் கரைசல். அசிட்டேட் அயனி தண்ணீரிடமிருந்து சிறிதளவு புரோட்டானைப் பிடுங்கிக்கொண்டு ஹைட்ராக்சைடை விடுவதால் கரைசல் காரப் பக்கம் சாய்ந்திருக்கிறது. அதற்கு மேல் கோடு மீண்டும் படுத்து 12-ஐ நோக்கி மெல்லச் செல்லும்; அங்கே அமிலத்துக்குச் சொல்ல எதுவும் இல்லை, வெறும் காரத்தின் செறிவுதான் பேசுகிறது.

தாங்கல் பகுதியை ஆளும் சமன்பாட்டின் மூலத்தை அமெரிக்காவில் லாரன்ஸ் ஹெண்டர்சன் 1908-இல் எழுதினார். அவருடைய அக்கறை ரத்தத்தின் கார்பானிக் அமிலத்தைப் பற்றியது. 1909-இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சன் pH என்ற அளவுகோலைக் கொண்டுவந்தார். அதன் பிறகு டென்மார்க்கைச் சேர்ந்த ஹாசல்பால்க் ஹெண்டர்சனின் சமன்பாட்டை மடக்கை வடிவில் மாற்றி எழுதினார். நம் பயன்பாட்டுக்கு அதை இப்படி எழுதிக்கொள்ளலாம். V என்பது இதுவரை விழுந்த காரம், Ve என்பது சமானப் புள்ளிக்கு வேண்டிய காரம்:

pH = pKa + log [V / (Ve − V)]

V என்பது Ve-இல் பாதியானால் அடைப்புக்குள் இருப்பது 1. அதன் மடக்கை சுழியம். pH-உம் pKa-வும் ஒன்றாகிவிடுகின்றன. செறிவு, மொத்தக் கனஅளவு, குடுவையில் கழுவிவிட்ட தண்ணீர் எதுவுமே சமன்பாட்டுக்குள் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அமிலமும் அதன் உப்பும் ஒரே கரைசலில்தான் இருக்கின்றன. தண்ணீர் சேர்த்தால் இரண்டும் ஒன்றுபோல நீர்த்துப்போகும், விகிதம் மாறாது. அதனால்தான் அமிலத்தின் செறிவு தெரியாமலேயே அதன் pKa-வைக் கண்டுபிடிக்க முடிகிறது.

இதே சமன்பாட்டைச் சற்று நீட்டினால் ஒவ்வொரு இடத்திலும் கோடு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்றும் தெரியும். நம் எடுத்துக்காட்டில், பாதிவழியான 12.5 மி.லி.யில், ஒரு மி.லி. காரத்துக்கு ஏற்றம் 0.069 அலகு. தாங்கல் பகுதியிலேயே மிகக் குறைந்த சாய்வு இதுதான். ஆகவே கணக்கின்படி அரைச் சமானப் புள்ளிக்கு அடையாளம் உண்டு: சாய்வு மிகக் குறைவாக இருக்கும் இடம் அது. அப்படியானால் கோட்டைப் பார்த்தே அதைப் பிடித்துவிடலாமே என்று தோன்றும். இரண்டரை மி.லி. முன்னால், 10 மி.லி.யில், சாய்வு எவ்வளவு? 0.072. வித்தியாசம் நூற்றுக்கு நாலு. சாதாரண மீட்டர் இரண்டாம் தசமத்தில் தடுமாறும் கருவி. அதைக் கொண்டு 0.069-க்கும் 0.072-க்கும் உள்ள பேதத்தைப் பிடிக்கவே முடியாது. வரைபடத்தில் 'கோடு தட்டையாக இருக்கிற இடத்தின் நடு' என்று கண்மதிப்பாகக் குறிப்பவர்கள் இரண்டு, மூன்று மி.லி. தள்ளிக் குறித்தாலும் வியப்பில்லை.

எனவே அரைச் சமானப் புள்ளிக்கு நேர்வழி இல்லை. சமானப் புள்ளியைத் திட்டமாகக் கண்டுபிடித்து, அந்தக் கனஅளவை இரண்டால் வகுத்து, கோட்டில் பின்னோக்கி வந்து படிக்க வேண்டும். கோட்டின் இந்தத் தட்டைத்தன்மைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சமானப் புள்ளியை 0.5 மி.லி. தவறாகக் குறித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஆய்வகத்தில் அது பெரிய பிழை. பாதிப் புள்ளி 0.25 மி.லி. நகரும். pKa-வில் வரும் பிழையோ 0.02-க்கும் குறைவு. அது மீட்டரின் சொந்தத் தள்ளாட்டத்துக்குள் அடங்கிவிடும். நடுப்புள்ளியைக் காணவிடாமல் செய்யும் அதே தட்டைத்தன்மைதான் நம் கைப்பிழையையும் மன்னிக்கிறது.

சமானப் புள்ளியைப் பிடிக்கும் வழிகளில் பழையது நிறங்காட்டி. அசிட்டிக் அமிலத்துக்கு பினால்ப்தலீன் ஏன் என்பதற்கு வளைகோடே பதில். அது 8.2-க்கும் 10-க்கும் இடையே நிறமற்ற நிலையிலிருந்து இளஞ்சிவப்பாகிறது. நம் கோடு அந்த எல்லையைக் கடக்க ஏறத்தாழ ஒரு சொட்டுப் போதும். மெத்தில் ஆரஞ்சு 3.1-க்கும் 4.4-க்கும் இடையே மாறுவது. அதைப் போட்டால் முதல் அரை மி.லி.யிலேயே நிறம் நகரத் தொடங்கி, 7.6 மி.லி. வரை இழுத்துக்கொண்டே போய், மஞ்சளில் நிற்கும். அதைச் சமானப் புள்ளி என்று எடுத்தால் பாதிவழியைக்கூட எட்டாத இடத்தில் தரம்பார்த்தலை முடித்துவிட்டோம் என்று பொருள். நிறம் ஒரே சொட்டில் மாறாமல் மி.லி. கணக்கில் ஊர்ந்தால், தப்பான நிறங்காட்டியைப் போட்டிருக்கிறோம் என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

மீட்டர் இருந்தால் நிறங்காட்டியைவிட நல்ல வழி, சாய்வைக் கணக்கிடுவது. அடுத்தடுத்த இரண்டு அளவீடுகளின் pH வேறுபாட்டைக் கனஅளவு வேறுபாட்டால் வகுக்க வேண்டும். 24.8, 24.9, 25.0, 25.1, 25.2 மி.லி.களில் pH முறையே 6.85, 7.15, 8.73, 10.30, 10.60. சாய்வுகள் 3.0, 15.8, 15.7, 3.0 என்று வருகின்றன. இந்தச் சாய்வுகளை எந்தக் கனஅளவுக்கு எதிரே குறிப்பது என்பதில்தான் மாணவர்கள் தடுக்கி விழுகிறார்கள். 24.9-க்கும் 25.0-க்கும் இடைப்பட்ட சாய்வு 24.95-க்கு உரியது, இரண்டாவது அளவீட்டான 25.0-இல் அதைக் குறித்தால் உச்சி முழுவதும் வலப்பக்கம் தள்ளிப்போகும். நடுவில் குறித்தால் 24.95-உம் 25.05-உம் சம உயரத்தில் நின்று, உச்சி 25.00 என்று காட்டிக்கொடுக்கும். இங்கே பொறுமையும் வேண்டும். தாங்கல் பகுதியில் மீட்டரின் எண் சட்டென்று நிலைத்துவிடும். செங்குத்துப் பகுதியிலோ கரைசலுக்குத் தாங்கும் சக்தி இல்லை. காற்றிலிருந்து கரையும் கார்பன் டைஆக்சைடே எண்ணைக் கீழே இழுத்துக்கொண்டிருக்கும். அங்கே சொட்டுக்குச் சொட்டு நின்று படிக்காதவருக்கு உச்சி கிடைக்காது.

எனக்குப் பிடித்த வழி வேறு. சுவீடனின் குன்னர் கிரான் 1952-இல் வெளியிட்ட முறை அது. செங்குத்தான, நிலையில்லாத இடத்தில் போராடுவானேன், அமைதியான தாங்கல் பகுதியின் அளவீடுகளிலிருந்தே சமானப் புள்ளியைக் கணித்துவிடலாமே என்பது அவர் எண்ணம். மேலே தந்த சமன்பாட்டை மடக்கை நீக்கி எழுதினால்:

V × 10^(−pH) = Ka × (Ve − V)

இடப்பக்கத்தை V-க்கு எதிரே வரைந்தால் ஒரு நேர்கோடு. நம் அளவீடுகளையே எடுப்போம். 20 மி.லி.யில் pH 5.36, இடப்பக்கம் ஏறத்தாழ 8.7 × 10⁻⁵. 22.5 மி.லி.யில் 4.4 × 10⁻⁵. 24 மி.லி.யில் 1.75 × 10⁻⁵. மூன்று புள்ளிகளையும் அடிக்கோலால் இணைத்து நீட்டினால் கோடு கிடைமட்ட அச்சைத் தொடும் இடம் 25 மி.லி. கோட்டின் சரிவோ 1.75 × 10⁻⁵, அதாவது அசிட்டிக் அமிலத்தின் Ka. சமானப் புள்ளியை ஒருமுறைகூடத் தொடாமல் அதையும், பாதிப் புள்ளியில் படிக்க வேண்டியதையும் ஒரே கோட்டிலிருந்து எடுத்தாயிற்று. ஒரே ஒரு அளவீட்டின் மீது முழுப் பாரத்தையும் ஏற்றாமல் பல புள்ளிகளுக்குப் பகிர்ந்துவிடுவது இதன் பலம். புள்ளிகள் நேர்கோட்டில் விழவில்லை என்றால் அளவீட்டில் ஏதோ கோளாறு என்று அதே வரைபடம் சொல்லியும் விடுகிறது. கல்லூரிச் செய்முறைகளில் இதற்கு இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் கருத்து.

பியூரெட்டின் எண்ணையே படிக்காமல் பாதிப் புள்ளிக்குப் போகும் வழியும் உண்டு. ஒரே அமிலக் கரைசலிலிருந்து ஒரே பிப்பெட்டால் இரண்டு 25 மி.லி. எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் இரண்டு சொட்டு பினால்ப்தலீன் விட்டு, இளஞ்சிவப்பு நிலைக்கும்வரை காரம் சேருங்கள். எவ்வளவு சேர்ந்தது என்று எழுதத் தேவையில்லை. அதில் இரண்டாவது 25 மி.லி. அமிலத்தைக் கொட்டிக் கலக்கினால் பாதி அமிலம் உப்பாகவும் பாதி அமிலமாகவும் இருக்கும் கரைசல் கிடைக்கும். மீட்டரை அமிழ்த்திப் படித்தால் அதுவே pKa. காரத்தின் செறிவு தெரிய வேண்டாம், தரப்படுத்தவும் வேண்டாம். முடிவில் ஒரு சொட்டு கூடுதலாக விழுந்துவிட்டாலும் pH-இல் வரும் மாற்றம் 0.002-ஐத் தொடாது. வரைபடம் தேவையில்லை, pKa மட்டும் போதும் என்றால் இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

எந்த வழியில் போனாலும் மீட்டர் 4.76 காட்டாது என்பதைச் சொல்லியாக வேண்டும். 0.1 மோலார் கரைசல்களில் கவனமாகச் செய்தால் 4.68-ஐ ஒட்டி ஒரு எண் வரும். மீட்டரை 4.01, 6.86 தாங்கல்களில் சரிபார்த்து, கண்ணாடி மின்முனையைக் கழுவித் துடைத்து, மீண்டும் செய்தாலும் அதே 4.68. இது பிழை இல்லை. பாதிப் புள்ளியில் கரைசலில் ஏறத்தாழ 0.033 மோலார் சோடியம் அசிட்டேட் இருக்கிறது. அசிட்டேட் அயனிகளைச் சுற்றி நேர்மின்சுமையுள்ள சோடியம் அயனிகள் சூழ்ந்து நிற்பதால், அவை தம் எண்ணிக்கைக்குரிய முழு அளவில் செயல்படுவதில்லை. டிபை–ஹூக்கல் கோட்பாட்டின்படி இதைக் கணக்கிட்டால் மடக்கையில் 0.08 குறைகிறது: 4.76-இலிருந்து 0.08 போக 4.68. கரைசல்களைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி பார்த்தால் மீட்டர் 4.73 பக்கம் நகரும். நீர்க்க நீர்க்கப் புத்தக எண்ணை நெருங்குகிறது என்றால், புத்தக எண் முடிவிலா நீர்த்தலுக்கு உரியது என்பது கண்முன் நிரூபணமாகிறது.

காரம் காற்றிலிருந்து கார்பன் டைஆக்சைடைக் குடித்திருந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியும் ஆய்வகத்தில் அடிக்கடி எழும். அமிலத்தின் செறிவைக் கண்டுபிடிக்கும் வேலையென்றால் அது தலைவலி. pKa-வுக்கோ அவ்வளவு இல்லை. ஹைட்ராக்சைடில் நூற்றுக்கு இரண்டு பங்கு கார்பனேட்டாக மாறியிருந்தால், பினால்ப்தலீன் புள்ளியில் கார்பனேட் தன் வலிமையில் பாதியைத்தான் காட்டும். அதனால் சமானப் புள்ளி 25.25 என்று வரும். பாதிப் புள்ளியின் pH-இல் அது தரும் பிழை 0.01 அலகு. தட்டைத்தன்மை இங்கும் காப்பாற்றுகிறது.

காப்பாற்றாத இடங்கள் உண்டு. ஒன்று, அமிலம் அவ்வளவாக வலிமை குறைந்ததாக இல்லாதபோது. குளோரோஅசிட்டிக் அமிலத்தின் pKa 2.87. அதன் 0.1 மோலார் கரைசலைத் தரம்பார்த்தால், அயனிச் சூழலின் விளைவை ஒதுக்கிவைத்தாலும், பாதிப் புள்ளியில் pH 2.90. பரவாயில்லை. 0.01 மோலாரில் அதே இடத்தில் 3.09, பிழை 0.2-க்கு மேல். காரத்தின் உதவியில்லாமல் தானாகவே பிரிகையடையும் அமிலம் இங்கே கணிசம். ஆகவே பாதிக் காரம் விழுந்த இடத்தில் பாதிக்கு மேல் அமிலம் உப்பு வடிவத்துக்குப் போயிருக்கிறது. விகிதம் 1 இல்லை. இந்தத் திசையில் கடைசிவரை போனால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதற்கும் பாதி வழியில் ஒரு pH உண்டு, 0.1 மோலாரில் 1.48. ஆனால் அது எந்த pKa-வும் இல்லை, மிஞ்சிய அமிலத்தின் செறிவு மட்டுமே. தொடக்க ஏற்றம் இல்லாத வளைகோட்டில் பாதிப் புள்ளியைத் தேடக் கூடாது.

மறுகோடியில் போரிக் அமிலம் இருக்கிறது, pKa 9.24. இதற்கு 22.5 மி.லி.யில் pH 10.2, 27.5 மி.லி.யில் 11.7. அசிட்டிக் அமிலம் இதே 5 மி.லி.யில் ஆறு அலகு ஏறியது. இது ஒன்றரை அலகு. செங்குத்தே இல்லாத கோட்டில் சமானப் புள்ளி எங்கே என்று யாராலும் சொல்ல முடியாது. அது தெரியாமல் பாதியை எப்படி எடுப்பது? மானிட்டால் சேர்த்தால் போரிக் அமிலம் அதனுடன் இணைந்து வலிமை கூடி, பினால்ப்தலீனுக்கே அடங்கிவிடும் என்பது பழைய உத்தி. ஆனால் அந்தக் கோட்டின் பாதிப் புள்ளியில் கிடைப்பது புதிய இணைவு அமிலத்தின் மதிப்பு, போரிக் அமிலத்துடையது அல்ல. தரம்பார்த்தலை இருமுறை செய்வதுதான் தீர்வு. மானிட்டால் சேர்த்த முதல் குடுவையிலிருந்து சமானக் கனஅளவை மட்டும் எடுத்துக்கொண்டு, மானிட்டால் இல்லாத இரண்டாவது குடுவையில் அதில் பாதிக் காரத்தைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கடைசியாக எலுமிச்சை. 1934-இல் ஆர்னால்டு பெக்மன் தம் pH மீட்டரை உருவாக்கியதே கலிபோர்னியப் பழ விளைச்சல்காரர்களின் கூட்டமைப்பில் இருந்த நண்பருக்கு எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தன்மையை அளந்து கொடுக்கத்தான். அந்தச் சாற்றில் இருக்கும் சிட்ரிக் அமிலத்துக்கு விட்டுக்கொடுக்க மூன்று புரோட்டான்கள். pKa மதிப்புகள் 3.13, 4.76, 6.40. இவை ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பதால் முதல் புரோட்டான் தீர்வதற்குள் இரண்டாவது கிளம்பிவிடுகிறது. வளைகோட்டில் மூன்று படிகளுக்குப் பதில் நீண்ட ஒரு சரிவும் முடிவில் ஒரே ஒரு செங்குத்தும்தான் தெரியும். அந்தச் செங்குத்தில் பாதியை எடுத்தால் ஏறத்தாழ 4.76-க்கு அருகில் ஓர் எண் கிடைக்கும். அது நடு pKa-வோடு ஒத்துப்போவது, மூன்று மதிப்புகளும் ஏறத்தாழச் சம இடைவெளியில் அமைந்ததால்தான். அதை வைத்து 'சாற்றில் இருப்பது அசிட்டிக் அமிலம்' என்று முடிவுக்கு வந்தாலும் மறுக்க அந்த ஒரு எண்ணால் ஆகாது. கிரான் கோட்டை வரைந்து பார்த்தால் அது வளைந்துபோய் உண்மையைச் சொல்லிவிடும்.

செய்முறைத் தேர்வு நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அசிட்டிக் அமிலத்துக்கு 4.68 என்று எழுதி, பக்கத்தில் கரைசலின் செறிவையும் வெப்பநிலையையும் குறித்திருக்கும் மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். 0.1 மோலார் கரைசலில் 4.76 என்று எழுதியவரிடம் மூல அளவீடுகளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.